ஈசிஜி நார்மல், ஆனாலும் படபடப்பு நிற்கவில்லை

கேள்வி: எனக்கு 39 வயது. வீடு குரோம்பேட்டை, வேலை தி.நகரில் ஒரு துணிக்கடையின் கணக்குப் பிரிவில். ஒன்றரை வருடமாக, மாதம் ஒரு தடவையாவது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. இருபது நிமிடம் இருக்கும், சில நாள் அரை மணி நேரம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் நின்றுவிடுகிறது. இரண்டு தடவை ஈசிஜி, ஒரு தடவை எக்கோ எடுத்தார்கள். எல்லாம் நார்மல், டென்ஷன்தான் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வீட்டிலும் "நீ ரொம்ப யோசிக்கிற" என்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே ஒன்றும் இல்லையா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த சொல் "நின்றுவிடுகிறது" என்பதுதான். எப்படி நிற்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதைத் தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் அந்த ஈசிஜி தாள்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து எடுக்கும் சாதாரண ஈசிஜி பத்து வினாடி நேரத்துத் துடிப்பைத்தான் பதிவு செய்கிறது. மாதத்தில் ஒரு நாள், அதிலும் இருபது நிமிடம் மட்டும் வந்து போகிற ஒன்றை, அது போன பிறகு எடுத்த பத்து வினாடிப் பதிவு எப்படிப் பிடிக்கும்? வீட்டில் கரண்ட் போய்ப் போய் வருகிறது என்று புகார் சொல்கிறோம். கரண்ட் இருக்கும் நேரத்தில் ஈ.பி. ஆள் வந்து பார்த்து, "லைட் எரியுதே, சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனால் என்ன அர்த்தம்? உங்களுக்குச் சொல்லப்பட்ட "நார்மல்" அந்த வகைதான். படபடப்பு இல்லாத நேரத்தில் உங்கள் இதயம் நன்றாக இருக்கிறது என்று அது சொல்கிறது. அது நல்ல செய்தி. எக்கோவும் நார்மல் என்பது இன்னும் நல்ல செய்தி, ஏனென்றால் இதயத் தசையும் வால்வுகளும் சரியாக இருக்கும்போது படபடப்பால் வரும் ஆபத்து பெரும்பாலும் குறைவு. ஆனால் படபடப்பு வந்தபோது உள்ளே என்ன நடந்தது என்பதற்கு இந்த இரண்டு பரிசோதனையும் சாட்சி ஆகாது.

இனி, "படபடப்பு" என்ற சொல். நம் ஊரில் இந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு விஷயங்களை அடைத்து வைத்திருக்கிறோம். என்னிடம் வருகிறவர்களிடம் நான் அதை விளக்கச் சொல்வதில்லை. மேஜையைக் காட்டி, "உங்க நெஞ்சு எப்படி அடிச்சுதோ அதே மாதிரி விரலால தட்டிக் காட்டுங்க" என்பேன். வார்த்தையில் சொல்லத் தெரியாதவர்கள்கூட விரலில் சரியாகக் காட்டிவிடுவார்கள்.

சிலர் டக், டக், டக் என்று நிதானமாகத் தட்டிக்கொண்டே வந்து, நடுவில் ஒன்றை விட்டு, அப்புறம் ஓங்கி ஒரு தட்டு தட்டுவார்கள். "ஒரு துடிப்பு நின்னு அப்புறம் தூக்கிப் போடுது டாக்டர்" என்பார்கள். இங்கே நடப்பது, ஒரு துடிப்பு தன் முறைக்கு முன்பே அவசரப்பட்டு வந்துவிடுவது. அந்த அவசரத் துடிப்பில் ரத்தம் சரியாக நிரம்பியிருக்காது, அதனால் அது நமக்குத் தெரிவதே இல்லை. அதற்குப் பின் சிறு இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில் கூடுதலாக ரத்தம் சேர்ந்து, அடுத்த துடிப்பு பலமாக அடிக்கிறது. நாம் பயப்படுவது அந்த நல்ல துடிப்பைப் பார்த்துத்தான். இதயம் வேறு விதத்தில் நன்றாக இருப்பவர்களுக்கு, எப்போதாவது வரும் இந்த அவசரத் துடிப்பு பெரும்பாலும் தீங்கில்லாதது. ராத்திரி இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் கூடுதலாகத் தெரியும்.

இன்னும் சிலர் வேகமாக, ஆனால் எந்த ஒழுங்கும் இல்லாமல், கூரைத் தகரத்தில் மழை விழுகிற மாதிரி தட்டுவார்கள். அடுத்த தட்டு எப்போது விழும் என்று பார்க்கிறவரால் சொல்ல முடியாது. வயது கூடியவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், சிறு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து வால்வு பாதித்தவர்கள் இப்படித் தட்டினால் நான் நிமிர்ந்து உட்காருவேன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கலாம். அங்கே ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வர வழி இருக்கிறது. அது தனிக் கதை. உங்கள் வயதில், எக்கோ நார்மலாக இருக்கும்போது, அதற்கான வாய்ப்பு குறைவு.

மீதி இருவர்தான் உங்கள் விஷயத்தில் முக்கியம். இருவருமே வேகமாக, ஒரே சீராகத் தட்டுவார்கள். தட்டுகிற விதத்தை மட்டும் வைத்து இவர்களைப் பிரிக்க முடியாது. எப்படி ஆரம்பித்தது, எப்படி நின்றது என்று கேட்டால்தான் பிரிக்க முடியும்.

பயத்தில், காய்ச்சலில், ரத்தசோகையில், தைராய்டு கூடியிருக்கும்போது, சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் பஸ்ஸுக்கு நின்றபோது இதயம் வேகமாக அடிக்கும். இது இதயத்தின் சொந்த வேகம்தான், உடம்பு கேட்டதால் கூடியிருக்கிறது. இது மெல்ல மெல்ல ஏறும், மெல்ல மெல்லத்தான் இறங்கும். "எப்போ நின்னுச்சு?" என்று கேட்டால், "தெரியல டாக்டர், கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடுச்சு" என்பார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இந்த வகை நிமிடத்துக்கு 150-ஐத் தாண்டுவது அபூர்வம்.

இன்னொரு வகை அப்படி இல்லை. ஒரு துடிப்பில் 80, அடுத்த துடிப்பில் 180. ஏற்றமே கிடையாது. நிற்பதும் அப்படித்தான், சுவிட்சை அணைத்த மாதிரி. "சமையல் மேடைகிட்ட நின்னேன், டக்குனு ஆரம்பிச்சுது. சாயந்திரம் நாலே காலுக்கு டக்குனு நின்னுது" என்று நிமிடக் கணக்கோடு சொல்வார்கள். இப்படிச் சொல்கிறவருக்கு ஈசிஜி நார்மல் என்பதற்காக நான் "டென்ஷன்" என்று எழுதமாட்டேன். ஆனால் ஒரு தடவை எழுதாத குறைதான். அந்தக் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்துக்கும் அதற்கும் நிறைய ஒற்றுமை.

பெரம்பூர்ப் பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர், 43 வயது, ஆறு வருடப் படபடப்போடு வந்தார். கையில் ஒரு கட்டு ஈசிஜி, எல்லாம் நார்மல். ராத்திரியில் போட ஒரு பதற்ற மாத்திரையும் இருந்தது. நான் அவருக்கு ஹோல்டர் எழுதிக் கொடுத்தேன். நெஞ்சில் ஒயர் ஒட்டி, இடுப்பில் சிறு பெட்டி கட்டி, 24 மணி நேரத் துடிப்பையும் பதிவு செய்வது அது. மறுநாள் ரிப்போர்ட் வந்தது, ஒன்றும் இல்லை. நானும் "கவலைப்படாதீங்க" என்று அனுப்பிவிட்டேன். தவறு என்னுடையது. ஆறு வாரத்துக்கு ஒரு முறை வருவதைப் பிடிக்க ஒரே ஒரு நாள் வலை போட்டேன். மீன் கிடைக்கவில்லை என்பதற்காகக் கடலில் மீனே இல்லை என்று சொன்ன கதை ஆகிவிட்டது.

மூன்று மாதம் கழித்து அவர் மறுபடி வந்தபோதுதான் உட்கார்ந்து கேட்டேன். வகுப்பில் சாக்பீஸ் கீழே விழும், குனிந்து எடுத்துவிட்டு நிமிர்வார், அந்த நொடியில் தொடங்கும். வீட்டில் என்றால் வாசலில் கோலம் போட்டுவிட்டு நிமிரும்போது. தட்டிக் காட்டச் சொன்னேன். தையல் மெஷின் ஓடுகிற மாதிரி, சீராக, என்னால் எண்ண முடியாத வேகத்தில் தட்டினார். "கழுத்துல ஏதாவது தெரியுமா?" என்று கேட்டதும் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். "ஆமா டாக்டர், தொண்டைக் குழிகிட்ட அடிச்சுக்கும். ஒரு நாள் கண்ணாடியில பார்த்தேன், வெளியிலயே தெரிஞ்சுது. இதை யாரும் கேட்டதே இல்ல." படபடப்பு நின்ற பிறகு என்ன ஆகும் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். மணிக்கு மூன்று தடவை பாத்ரூம் போக வேண்டியிருக்கும், நிறையப் போகும் என்றார். இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று இத்தனை வருடம் அவர் சொல்லவே இல்லை.

குனிந்து நிமிர்வது, கழுத்துத் துடிப்பு, பின்னால் வரும் சிறுநீர் மூன்றும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. அந்த இடம் எப்படி வேலை செய்கிறது என்று சொன்னால் உங்களுக்குப் பயம் கொஞ்சம் தெளியும்.

இதயத்தின் மேலறைகளில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைகளுக்குப் போக, நடுவில் ஒரே ஒரு சோதனைச் சாவடி இருக்கிறது. ஏ.வி. கணு என்போம். சிலருக்கு அந்தக் கணுவுக்குள் நுழைய ஒன்றுக்கு இரண்டாகப் பாதை அமைந்துவிடுகிறது, ஒன்று வேகமான பாதை, இன்னொன்று மெதுவான பாதை. சாதாரண நாட்களில் துடிப்பு வேகப் பாதையில் போய்விடும், மெதுவான பாதை இருப்பதே தெரியாது. ஒரு நாள் மேலே சொன்ன அவசரத் துடிப்பு ஒன்று வருகிறது. அந்த நேரம் வேகப் பாதை இன்னும் தயாராகவில்லை, அதனால் அது மெதுவான பாதையில் இறங்குகிறது. கீழே போய்ச் சேர்வதற்குள் வேகப் பாதை திறந்துவிடுகிறது. துடிப்பு அதன் வழியாகத் திரும்பி மேலே ஏறி, மறுபடி மெதுவான பாதையில் இறங்குகிறது. வெளியே போகாமல் ரவுண்டானாவையே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டி மாதிரி. ஒவ்வொரு சுற்றுக்கும் இதயம் ஒரு முறை துடிக்கிறது. நிமிடத்துக்கு 150-லிருந்து 250 வரைகூடப் போகும். சுற்று எங்காவது ஒரு தடவை அறுந்தால் போதும், மொத்தமும் அந்த நொடியே நின்றுவிடும். சட்டென்று நிற்பதற்குக் காரணம் அதுதான்.

கழுத்துத் துடிப்பும் இதிலிருந்தே வருகிறது. மேலறையும் கீழறையும் முறை வைத்துச் சுருங்க வேண்டும். இங்கே இரண்டும் ஒரே நேரத்தில் சுருங்குகின்றன. மூடிய வால்வை எதிர்த்து மேலறை அழுத்த, ரத்தம் பின்னோக்கிக் கழுத்து நரம்புக்கு எகிறுகிறது. மேலறை இப்படி வீங்கி இழுபடும்போது அதிலிருந்து ஒரு ஹார்மோன் சுரக்கிறது. சிறுநீரகத்தை உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றச் சொல்வது அந்த ஹார்மோனின் வேலை. அந்த ஆசிரியையின் பாத்ரூம் கதைக்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் பயம், டென்ஷன்? அது உண்டு. நெஞ்சு 180-ல் அடிக்கும்போது யாருக்குத்தான் கை நடுங்காது, வியர்க்காது, செத்துவிடுவோமோ என்று தோன்றாது? பார்க்கிற டாக்டர் அந்தப் பயத்தைப் பார்த்துவிட்டு அதையே நோய் என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு. பெண்களுக்கு இந்த வகை கூடுதலாக வருகிறது, பெண்களுக்குத்தான் "டென்ஷன்" என்ற முத்திரையும் சீக்கிரம் விழுகிறது. இது எனக்கு நிஜமாகவே வருத்தம் தரும் விஷயம். நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பதற்றத் தாக்குதலும் திடீரென்று வருவது போலத் தெரியும், அதிலும் படபடப்பு இருக்கும். ஆனால் அது அணைவது மெதுவாகத்தான், வேகமும் பெரும்பாலும் 150-க்குக் கீழேயே நிற்கும். கேள்வி கேட்டுச் சந்தேகப்படலாம், உறுதிப்படுத்த முடியாது. உறுதி வேண்டுமென்றால் படபடப்பு நடக்கும்போதே ஒரு ஈசிஜி வேண்டும்.

ஆசிரியைக்கு நான் செய்தது சின்ன ஏற்பாடு. பள்ளியிலிருந்து மூன்று தெரு தள்ளி ஈசிஜி வசதியுள்ள ஒரு கிளினிக் இருந்தது. என் லெட்டர்பேடில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன்: "இவருக்குப் படபடப்பு இருக்கும்போது, மற்ற எதற்கும் முன்பு, ஈசிஜி எடுத்துத் தரவும்." அதைக் கைப்பையிலேயே வைத்திருந்தார். ஐந்தாவது வாரம் ஒரு திங்கட்கிழமை, சக ஆசிரியை ஒருவரோடு ஆட்டோவில் போய், டோக்கன் போடச் சொன்னவரிடம் அந்தத் தாளை நீட்டியிருக்கிறார். ஈசிஜி வந்தது: நிமிடத்துக்கு 186, ஊசி முனை மாதிரி ஒடுக்கமான அலைகள், ஒன்றுக்கொன்று இம்மியும் மாறாத இடைவெளி. ஆறு வருடக் கேள்விக்குப் பத்து வினாடியில் பதில் கிடைத்தது.

(தாளில் வேகத்தை நீங்களே பார்க்கலாம். அடுத்தடுத்த இரண்டு உயர்ந்த முனைகளுக்கு நடுவே எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, 300-ஐ அதால் வகுங்கள். நான்கு கட்டம் என்றால் 75. ஒன்றரைக் கட்டம் என்றால் 200. துடிப்பு சீராக இருந்தால் இந்தக் கணக்கு சரியாக வரும்.)

உங்களுக்கும் இதே நோய்தான் என்று கடிதத்தை மட்டும் வைத்து நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அதே வழியில் தேட வேண்டும். அடுத்த முறை வரும்போது முதலில் உட்காருங்கள். ரயிலிலோ நடையிலோ இருந்தால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி உட்காருங்கள். போனில் மணியைப் பாருங்கள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரலை வைத்து 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். எண்ணவே முடியாத வேகம் என்றால், அதையே குறித்துக்கொள்ளுங்கள், அதுவும் தகவல்தான். வீட்டு பி.பி. மெஷினும் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் காட்டும் எண்ணை அவ்வளவு வேகத்தில் முழுதாக நம்பாதீர்கள், ஒரு துடிப்பை விட்டு ஒரு துடிப்பை எண்ணிப் பாதியாகக் காட்டிவிடும். வீட்டில் யாராவது ஈசிஜி எடுக்கும் வகைக் கைக்கடிகாரம் வைத்திருந்தால் அதைக் கட்டி, 30 வினாடி அசையாமல் இருந்து பதிவு செய்யுங்கள். அந்த ஒற்றை வரிப் பதிவை நான் பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன். கடிகாரம் மேலே எழுதிக் காட்டும் முடிவை நம்ப வேண்டாம், அந்தக் கோட்டை மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம், குரோம்பேட்டை வீட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, தி.நகர் கடைக்குப் பக்கத்தில் ஒன்று என்று இரண்டு இடங்களை இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டியதில்லை. ஈசிஜி மெஷினும், எடுக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால் போதும். உங்கள் டாக்டரிடம் அந்த இரண்டு வரிக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிப் பிடிக்க முடியாமல் இரண்டு மூன்று தடவை போய்விட்டால், இரண்டு வாரம் வரை நெஞ்சில் ஒட்டி வைக்கும் பட்டை வகைப் பதிவுக் கருவிகள் இருக்கின்றன, மாதக்கணக்கில் பதிவு செய்ய வேண்டுமென்றால் அதற்கும் கருவி உண்டு. தினமும் வருகிற படபடப்புக்கு 24 மணி நேர ஹோல்டர் சரி. மாதம் ஒன்று வருவதற்கு அது பெரும்பாலும் வீண் செலவு. சென்னை வெயிலில் எந்த ஒட்டும் வியர்வையில் கழன்றுவிடும் என்பதால், கழன்றால் மாற்றி ஒட்டக் கூடுதல் ஒட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய ஈசிஜிகளைத் தூக்கிப் போடாதீர்கள். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே பிறவியிலேயே ஒரு கள்ளப் பாதை இருக்கும் சிலருக்கு, படபடப்பு இல்லாத நேரத்து ஈசிஜியிலும் அலையின் தொடக்கத்தில் ஒரு சின்னச் சரிவு தெரியும். அவசரத்தில் பார்க்கிறவர் கண்ணுக்குத் தப்பிவிடலாம். அது இருந்தால் அணுகுமுறை மாறும், சில மருந்துகள் கூடாது. அதனால் அந்தத் தாள்களை இதய மின்னோட்டம் பார்க்கும் நிபுணர் ஒருவர் ஒரு தடவை நிதானமாகப் பார்க்கட்டும். ஈசிஜி தாள் வெப்பத்தில் அச்சாவது, சில மாதத்தில் மங்கிவிடும். லேமினேஷன் போட்டால் சூட்டில் கறுத்தே போய்விடும். இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள்.

இதோடு மூன்று ரத்தப் பரிசோதனை போதும்: ஹீமோகுளோபின், தைராய்டு, பொட்டாசியம். ரத்தசோகையும் தைராய்டும் மெல்ல ஏறும் வகைக்கு நேரடிக் காரணம். சட்டென்று வரும் வகைக்கு அவை காரணம் இல்லை, ஆனாலும் அடிக்கடி வர வைக்கும். வீசிங்குக்கு இன்ஹேலர், சளிக்கு மாத்திரை, தைராய்டுக்கு மாத்திரை எது எடுத்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். வீசிங் இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள், படபடப்பை நிறுத்தப் போடும் ஊசி ஒன்று வீசிங் உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். காபி பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஒரு டம்ளர் ஃபில்டர் காபி குடித்த அன்றைக்கெல்லாம் வருகிறது என்று உங்கள் குறிப்பே காட்டினால் நிறுத்துங்கள். இல்லையென்றால் நான் அதில் கை வைப்பதில்லை.

வீட்டில் நிறுத்த ஒரு வழி இருக்கிறது. ஒரு முறை டாக்டரிடம் நேரில் கற்றுக்கொண்டு செய்ய வேண்டும். சாய்ந்து உட்கார்ந்து, 10 மில்லி சிரிஞ்சின் முனையில் வாய் வைத்து, பிஸ்டன் கொஞ்சம் அசையும் அளவுக்கு 15 வினாடி ஊத வேண்டும். ஊதி முடித்த நொடியே மல்லாந்து படுத்து, இன்னொருவர் உங்கள் இரண்டு காலையும் சாய்வாகத் தூக்கி 15 வினாடி பிடிக்க வேண்டும். 2015-ல் வெளியான ஆய்வு ஒன்றில், உட்கார்ந்தபடியே ஊதியவர்களில் 17 சதவீதம் பேருக்கும், இப்படிப் படுத்துக் காலைத் தூக்கியவர்களில் 43 சதவீதம் பேருக்கும் துடிப்பு சீரானது. மருந்தே இல்லாமல் இவ்வளவு கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் ஈசிஜி இன்னும் பிடிபடாத நிலையில், ஈசிஜி மெஷின் பக்கத்தில் இருந்தால் முதலில் பதிவு, பிறகு ஊதல். கழுத்தை அமுக்குவது, கண்ணை அமுக்குவது என்று யாராவது சொன்னால் வேண்டாம். கண்ணுக்கும் மூளைக்கும் கேடு வரும்.

இதுவரை சொன்னது எல்லாம், படபடப்பு வந்தாலும் நீங்கள் தெளிவாக உட்கார்ந்து பேச முடிகிற நிலைக்கு. படபடப்போடு மயங்கி விழுந்தாலோ, கண் இருட்டிக்கொண்டு வந்தாலோ, நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ சேர்ந்தாலோ, அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் போனாலோ தேடிக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். ஓடும்போது, மாடி ஏறும்போது உழைப்பின் உச்சத்தில் வந்து மயக்கம் தந்தால் அதுவும் அவசரம்தான். உங்கள் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்களில் யாராவது நாற்பது வயதுக்குள் திடீரென்று இறந்திருந்தால், அதை முதல் வரியாக டாக்டரிடம் சொல்லுங்கள். கேட்டால் சொல்லலாம் என்று இருக்காதீர்கள்.

ஈசிஜியில் பிடிபட்டு, நான் சொன்ன ரவுண்டானா வகைதான் என்று தெரிந்தால் அப்புறம் என்ன? வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை வந்து தானே நிற்பவர்களுக்கு ஊதும் முறையே போதும். அடிக்கடி வருபவர்கள் தினசரி மாத்திரை எடுக்கலாம். நிரந்தரமாக வேண்டாம் என்பவர்களுக்கு, தொடை நரம்பு வழியாக மெல்லிய ஒயரை இதயத்துக்குள் செலுத்தி, அந்த மெதுவான பாதையை மட்டும் சூடு வைத்துத் துண்டிக்கும் சிகிச்சை இருக்கிறது. நெஞ்சைத் திறக்க வேண்டாம், பெரும்பாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ வீடு. இந்த வகையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவுக்கு ஒரே முறையில் குணமாகிறார்கள். மறைக்கக் கூடாத ஒன்று: சோதனைச் சாவடிக்கு மிக அருகில் சூடு வைப்பதால், நூறு பேரில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு அந்தக் கணுவே பழுதாகி பேஸ்மேக்கர் தேவைப்படலாம். 39 வயதில் அந்த ஒரு விஷயத்தை யோசித்துத்தான் சம்மதிக்க வேண்டும், அவசரமே இல்லை. செலவு பெரிது. சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதயப் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டிக் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.

இப்போது போடும் பதற்ற மாத்திரையை என் கடிதத்தைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அவற்றில் சிலவற்றைத் திடீரென்று விட்டால் அதனாலேயே படபடப்பு வரும், அப்புறம் எது எது என்று பிரிக்க முடியாது. எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்கலாம்.

ஆசிரியைக்கு அன்று அந்தக் கிளினிக்கில் ஈசிஜி எடுத்ததும் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஈசிஜி ஓடிக்கொண்டிருக்க, அடினோசின் 6 மில்லிகிராம் கை நரம்பில் வேகமாகப் போட்டார்கள். சில வினாடி நெஞ்சில் பாறாங்கல் வைத்த மாதிரி இருந்ததாம், அப்புறம் நின்றுவிட்டது. அந்த மருந்து உடம்பில் சில வினாடிதான் இருக்கும், அதனால் அந்த உணர்வும் உடனே போய்விடும். இதை முன்கூட்டியே சொல்லி வைக்காததால் பலர் பயந்துபோகிறார்கள், உங்களுக்குச் சொல்லிவிட்டேன். நான்கு மாதம் யோசித்துவிட்டு அவர் சிகிச்சை செய்துகொண்டார். போன மாதம் வந்தபோது, "இப்பவும் எப்பவாவது கோலம் போட்டு நிமிரும்போது ஒரு தடவை தூக்கிப் போடுது டாக்டர், ஆனா அதோட நின்னுடுது" என்றார். அது அந்த அவசரத் துடிப்புதான். அது வரத்தான் செய்யும், சுற்றுவதற்கு இப்போது பாதை இல்லை.

உங்கள் அடுத்த படபடப்பு வந்து போன பின் எனக்கு நான்கு விஷயம் எழுதி அனுப்புங்கள்: என்ன செய்துகொண்டிருந்தபோது ஆரம்பித்தது, எண்ணிய வேகம், கழுத்தில் துடித்ததா, நின்றது சட்டென்றா மெல்லவா. ஈசிஜி கிடைத்திருந்தால் அதன் படத்தையும், பழைய இரண்டு தாள்களின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.